பிக்ஸல் ஷிஃப்ட் படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு பட்டுச் சேலையை முன்வைத்து

கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, உள்ளே இருக்கும் சென்சாரை மட்டும் ஒரு பிக்ஸல் அல்லது அரைப் பிக்ஸல் அளவுக்கு நகர்த்திப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதே பிக்ஸல் ஷிஃப்ட் முறை. இதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் கேமராவின் அமைப்புகளால் வருவதில்லை. எதை எடுக்கிறோம், அந்தப் பொருளில் ஒரு பிக்ஸல் எவ்வளவு தூரத்தைக் குறிக்கிறது என்ற கணக்கைப் போடாததால்தான் வருகின்றன.

ஒரே பெயரில் வழங்கினாலும் இம்முறைக்கு இரண்டு வேறுபட்ட நோக்கங்கள் உண்டு. 2015இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 2 கேமரா, 16 மெகாபிக்ஸல் சென்சாரைக் கொண்டு எட்டுப் படங்களை எடுத்து 40 மெகாபிக்ஸல் படமாக்கியது. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே-3 2 கேமராவோ நான்கு படங்களை எடுத்தும் பிக்ஸல் எண்ணிக்கையை 24 மில்லியனிலேயே வைத்திருந்தது. அது கூட்டியது நிறத் தகவலை. சாதாரண சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது; மற்ற இரண்டையும் கேமரா அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்து ஊகிக்கிறது. சென்சாரை ஒவ்வொரு பிக்ஸலாக நான்கு நிலைகளில் நகர்த்தினால், ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறங்களும் நேரடியாக அளக்கப்படுகின்றன. ஊகத்துக்கு வேலை இல்லை. 2019இல் வந்த சோனி ஏ7ஆர் 4 இரண்டையும் தருகிறது: நான்கு படங்களில் முழு நிறத்துடன் 61 மெகாபிக்ஸல், பதினாறு படங்களில் 240 மெகாபிக்ஸல்.

இவற்றுள் பெரிய எண்ணைத் தருவதையே எப்போதும் தேர்வது முதல் தவறு. அது ஏன் தவறு என்பதை ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நெருக்கமாக நெய்த துணி இம்முறைக்கு மிகவும் ஏற்ற பொருள்களுள் ஒன்று. சாதாரணப் படத்தில் இழைகளின் வரிசையும் பிக்ஸல்களின் வரிசையும் மோதி, துணியில் இல்லவே இல்லாத பச்சை, ஊதா அலைக்கோடுகளை உண்டாக்கும். மொய்ரே எனப்படும் இந்தப் பொய்நிறத்தைப் பிறகு கணினியில் நீக்க முயன்றால், சேலையின் உண்மையான நிறமும் சேர்ந்து வெளிறும். நெசவாளருக்கும் சேலையைப் படம் பார்த்து வாங்குபவருக்கும் நிறமே முதன்மையானது என்பதால், இந்தக் குறையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

சேலையின் அகலம் 120 செ.மீ. என்றும், மில்லிமீட்டருக்கு நான்கு இழைகள் என்றும் வைத்துக்கொள்வோம். துணியை ஒரு பலகையில் விரித்துக் குத்தி, 90 மி.மீ. லென்ஸுடன் ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி நின்றால், முழு அகலமும் சட்டகத்தில் அடங்கும். ஏ7ஆர் 4இன் சென்சாரில் குறுக்காக 9504 பிக்ஸல்கள் இருப்பதால், துணியில் ஒரு பிக்ஸல் என்பது 0.126 மி.மீ. அதாவது, ஓர் இழைக்கு இரண்டு பிக்ஸல்கள் கிடைக்கின்றன. சாதாரணப் படத்தில் சிவப்பை அளக்கும் பிக்ஸல்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகவே இருப்பதால், ஓர் இழைக்குச் சிவப்புக்கான அளவீடு ஒன்றே ஒன்றுதான், நீலத்துக்கும் அப்படியே. பொய்நிறம் இங்கிருந்துதான் பிறக்கிறது. நான்கு படமுறையில் மூன்று நிறங்களும் சமமாக இரண்டிரண்டு முறை அளக்கப்படுவதால் பொய்நிறம் மறையும். ஆனால் இழைக்கு இரண்டு அளவீடு என்பது விளிம்பு நிலை. நிறமற்ற மங்கலான அலைகள் சில இடங்களில் எஞ்சலாம். பதினாறு படமுறையில் இழைக்கு நான்கு அளவீடுகள் கிடைக்கும், அது போதுமானது.

அப்படியானால் பதினாறே சிறந்தது என்று தோன்றலாம். ஆனால் கேமராவைப் பாதித் தொலைவுக்கு நகர்த்தி, சேலையை இரண்டு பாதிகளாக நான்கு படமுறையிலேயே எடுத்தாலும் இழைக்கு அதே நான்கு அளவீடுகள் கிடைக்கின்றன. அசைவின்மைக்கான நிபந்தனையும் இரண்டிலும் ஒன்றுதான்: சென்சாரின் ஒரு நகர்வு துணியில் குறிக்கும் தூரம், அதாவது ஏறத்தாழ 0.06 மி.மீ. ஆனால் அந்த அசைவின்மையை நான்கு படங்கள் எடுக்கும் நேரத்துக்குக் காப்பதும் பதினாறு படங்கள் எடுக்கும் நேரத்துக்குக் காப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் ஒளியைப் பெறும் நேரமான ஒளிபாய்ச்சல் அரை விநாடி, படங்களுக்கிடையே ஒரு விநாடி என்று வைத்தால், முன்னது ஐந்து விநாடியில் முடியும். பின்னதற்கு இருபது விநாடிகளுக்கு மேல் ஆகும். ஆகவே பொருளை நெருங்க இடமிருந்தால் நான்கு படமுறையையே நான் பரிந்துரைப்பேன். நெருங்கவே முடியாத பொருளுக்குப் பதினாறை ஒதுக்கி வைக்கலாம்.

அந்த 0.06 மி.மீ. எவ்வளவு சிறியது என்பதை மறப்பது இரண்டாவது தவறு. மின்விசிறி ஓடும் அறையில் துணி அசையாதது போலத் தெரிந்தாலும், அதன் அசைவு இந்த அளவைத் தாண்டியிருக்கும். கொடியில் தொங்கும் சேலை இம்முறைக்கு எவ்வகையிலும் பொருந்தாது. பலகையில் குத்திய துணியும் முதல் சில நிமிடங்களுக்குத் தன் எடையால் மெல்லத் தளர்ந்து இறங்கும் என்பதால், குத்தியவுடன் எடுக்காமல் சற்றுக் காத்திருக்க வேண்டும். மாடி அறைகளில் ஒருவர் நடந்தாலே தரை அதிரும். படம் முடியும்வரை யாரும் நகரக்கூடாது. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுவதும், கேமராவைத் தொடாமல் ரிமோட்டாலோ செல்ஃப் டைமராலோ தொடங்குவதும், லென்ஸில் தனி நிலைநிறுத்தி இருந்தால் அதை அணைத்துவிடுவதும் அவசியம்.

மூன்றாவது தவறு, "எல்லாம் தெளிவாக இருக்கட்டும்" என்று லென்ஸின் துளையை எஃப்/16 போலச் சிறிதாக்குவது. துளை சிறிதாகச் சிறிதாக ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால், ஒரு வரம்புக்குக் கீழான நுண்கோடுகள் சென்சாரை வந்தடைவதற்கு முன்பே அழிந்துவிடும். எஃப்/16இல் பச்சை ஒளிக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 9 மைக்ரான். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில், முழு அகலத்தையும் எடுக்கும்போது சென்சாரில் விழும் இழையின் இடைவெளி 7.5 மைக்ரான்தான். எனவே எஃப்/16இல் பதினாறு படமல்ல, அறுபது படம் எடுத்தாலும் இழை தெரியாது. 240 மெகாபிக்ஸலில் வழவழப்பான துணி ஒன்றே பதிவாகும். எஃப்/5.6இல் அதே இழைகள் ஏறத்தாழப் பாதி வேறுபாட்டுடன் நன்றாகப் பதிவாகும். அந்தத் துளையில், ஒரு பிக்ஸல் தெளிவைக் கறாராகக் கேட்டாலும், முன்பின்னாக ஏறத்தாழ 5 செ.மீ. ஆழம் கிடைக்கிறது, தட்டையாக விரித்த துணிக்கு அது தாராளம். பாதித் தொலைவுக்கு நெருங்கும்போது இழையின் இடைவெளி 15 மைக்ரானாகப் பெருகுவதால் எஃப்/8 வரை போகலாம். அப்போது ஆழம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகிவிடுவதால், பலகையும் சென்சாரும் இணையாக இருக்கின்றனவா என்று நான்கு மூலைகளிலும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது தவறு ஒளியைப் பற்றியது. சேர்க்கப்படும் எல்லாப் படங்களும் ஒரே அளவு ஒளியில் எடுக்கப்பட்டவை என்று எண்ணித்தான் மென்பொருள் கணக்கிடுகிறது. சன்னலோரம் எடுக்கும்போது நடுவில் ஒரு மேகம் கடந்தால், படங்களின் பொலிவு மாறி, முழுப் பரப்பிலும் மெல்லிய கட்டங்கள் தோன்றும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு நூறு முறை பொலிவு மாறுகின்றன. இம்முறையில் பயன்படும் மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், குறுகிய ஒளிபாய்ச்சலில் அந்த மாற்றம் பட்டைகளாகப் பதியும். 1/10 விநாடி அல்லது அதைவிட நீண்ட ஒளிபாய்ச்சலை வைத்தால், ஒவ்வொரு வரியும் பல துடிப்புகளின் சராசரியைப் பெறும், பட்டைகள் மறையும். திரையை மூடிவிட்டு, ஒரே வகை விளக்குகளைச் சற்று முன்னதாகவே ஏற்றி நிலைப்படுத்தி, ஐஎஸ்ஓ 100இல் அரை விநாடி அளவில் எடுப்பது பாதுகாப்பானது. ஃபிளாஷ் பயன்படுத்துவோர், அது முழுமையாக மின்னேறும் அளவுக்குப் படங்களின் இடைவெளியை நீட்ட வேண்டும்.

தவறு நேர்ந்ததா என்பதையும் எவ்வகைத் தவறு என்பதையும் படமே காட்டிக்கொடுக்கும். அதற்கு அதை நூறு விழுக்காட்டு அளவில் பார்க்க வேண்டும். திரைக்குள் சுருக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். சதுரங்கக் கட்டம் போன்ற நுண்ணமைப்பு படம் முழுவதும், குறிப்பாக எல்லா விளிம்புகளிலும் ஒரே மாதிரி தெரிந்தால், அசைந்தது கேமரா. சேலையின் ஓர் ஓரத்தில், சரியாகக் குத்தப்படாத முந்தானையில் மட்டும் தெரிந்தால், அசைந்தது துணி. விளிம்பே இல்லாத ஒரே நிறப் பரப்பிலும் கட்டமோ கிடைமட்டப் பட்டையோ தெரிந்தால், மாறியது ஒளி. கேமரா அசைந்திருந்தால் மென்பொருளில் சரிசெய்ய முயல்வது வீண். மறுபடி எடுப்பதே வழி.

மற்ற பொருள்களையும் இதே கணக்கால் எடைபோடலாம். ஓவியம், பழைய வரைபடம், ஓலைச்சுவடி, நாணயம், கற்சிற்பம் ஆகியவை தாமாக அசையாதவை என்பதால் நன்கு பொருந்தும். சுவடியின் வளைவுக்கு மட்டும் தெளிவாழம் போதுமா என்று பார்க்க வேண்டும். கட்டடத்தின் உட்புறங்களும் பொருந்தும். மனிதர்கள், செடிகொடிகள், நீர்ப்பரப்பு ஆகியவை பொருந்தா. தொலைதூர மலைக்காட்சி பலரையும் ஏமாற்றிவிடும்: 200 மி.மீ. லென்ஸில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்ஸல் என்பது 2 செ.மீ.க்கும் குறைவு, மெல்லிய காற்றிலேயே மரக்கிளை அதைவிட அதிகம் ஆடும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் போன்ற கருங்கல் கட்டுமானம் ஆடாது; ஆனால் வெயில் ஏறியபின் இடையிலுள்ள காற்று கானல் போல நெளிவதால், அதிகாலையில் எடுத்தால்தான் பயன் கிடைக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பறக்கும் புறாவும் நகரும் நிழலும் இருந்தால், அந்தப் பகுதிகளை மட்டும் வரிசையின் ஒற்றைப் படத்திலிருந்து எடுத்து ஒட்டலாம்.

அதற்காகவாவது மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ஒலிம்பஸ் கேமராக்கள் படங்களைத் தாமே சேர்த்துவிடுகின்றன. சோனியிலோ கேமரா தருவது தனித்தனி ரா கோப்புகளை மட்டுமே, அவற்றைக் கணினியில் சோனியின் இமேஜிங் எட்ஜ் மென்பொருளால் சேர்க்க வேண்டும். சுருக்கப்படாத கோப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 மெகாபைட் என்பதால், பதினாறு படமுறையில் ஒரு வரிசைக்கே 2 ஜிகாபைட் அளவு போகும். இடம் போதவில்லை என்று நடுவில் ஒரு கோப்பை நீக்கிவிட்டால் அந்த வரிசையைச் சேர்க்க இயலாது. ஒவ்வொரு வரிசையையும் தனி உறையில் இட்டு, கணினியில் சேர்த்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பலகையிலிருந்து சேலையைக் கழற்ற வேண்டும்.