பதில் வராத மெயில்கள்: யார், எதை, எந்தத் தேதிக்குள்?

ஒரு ஆண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அதைத் தொகுப்பவர் ஐந்து பேருக்கு இப்படி ஒரு மெயில் அனுப்புகிறார்:

> பொருள்: ஆண்டறிக்கை
>
> அனைவருக்கும் வணக்கம். ஆண்டறிக்கையின் வரைவை இணைத்திருக்கிறேன். எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு, கருத்துகளை விரைவில் தெரிவிக்கவும். கணக்கு விவரங்கள் சரிபார்க்கப்பட வேண்டும். சில படங்களும் தேவைப்படுகின்றன. நன்றி.

மரியாதையாக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் நான்கு நாள் கழித்தும் "நன்றாக வந்திருக்கிறது" என்று ஒரே ஒரு பதில்தான் வந்திருக்கும். கணக்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பெற்றவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மெயிலை வைத்துக்கொண்டு ஒருவர் உடனே எழுந்து செய்யக்கூடிய வேலை எதுவும் இதில் இல்லை.

முதல் தவறு, "அனைவருக்கும்". ஐந்து பேருக்குச் சொன்னால் ஐந்தில் ஒருவராவது செய்வார் என்று அனுப்பியவர் கணக்குப் போடுகிறார். பெற்ற ஒவ்வொருவரும், மற்ற நால்வரில் ஒருவர் செய்வார் என்று நினைத்துக்கொள்கிறார். கிரெக் பாரன், எல்டாட் யெக்கியாம் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே கேள்வியைச் சிலருக்குத் தனியாகவும், சிலருக்கு ஐந்து பேர் கொண்ட குழுவாகவும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். தனியாகப் பெற்றவர்களிடமிருந்துதான் அதிகப் பதில்கள் வந்தன, அந்தப் பதில்களும் கூடுதல் உதவியாக இருந்தன.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளின் பெயர் வேண்டும். "கணக்குப் பிரிவு" என்று எழுதினால் அதுவும் ஒரு சின்ன "அனைவருக்கும்" தான். "கவிதாவும் முருகனும் பார்க்கவும்" என்று இரண்டு பெயர் போட்டாலும் அதே கதைதான். இருவர் சேர்ந்து செய்யும் வேலை என்றாலும், முடித்து அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். "சரிபார்க்கப்பட வேண்டும்", "தேவைப்படுகின்றன" போன்ற வாக்கியங்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். அவற்றில் செய்பவரே இல்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று "யார்?" என்று கேட்டுப் பார்த்தால், ஓட்டை தானாகத் தெரியும்.

To, Cc இரண்டிலும் இதே ஒழுங்கு வேண்டும். வேலை செய்ய வேண்டியவர்கள் மட்டும் To-வில், விஷயம் தெரிந்தால் போதும் என்பவர்கள் Cc-யில். Cc-யில் இருப்பவரிடம் ஒரு வேலையை உள்ளே ஒளித்து வைத்தால், அவர் அதைப் படிக்காமலே போக நிறைய வாய்ப்பு உண்டு.

யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால்? அப்போதும் எல்லோருக்கும் வீச வேண்டாம். தெரிந்திருக்கக்கூடிய ஒருவரிடம், "இதைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்று நாளை மதியத்துக்குள் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அதுவும் முழுமையான ஒரு வேண்டுகோள்தான்.

அடுத்த தவறு, "பார்க்கவும்". என் அனுபவத்தில் அதிகக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. பார்க்கவும் என்றால் எதைப் பார்ப்பது? எழுத்துப் பிழையா, எண்களா, ஒப்புதலா, இல்லை சும்மா தகவலுக்கா? ஒருவர் முப்பது பக்கத்திலும் கமா திருத்தி அனுப்புவார். நமக்கு வேண்டியதோ 12-ஆம் பக்க அட்டவணையின் கூட்டுத்தொகை சரியா என்பது மட்டும். வேலை முடிந்தால் நம் கைக்கு என்ன வந்து சேர வேண்டும் என்று யோசித்து, அதை எழுதிவிட வேண்டும். திருத்திய கோப்பா, "ஒப்புதல்" என்ற ஒரு வரிப் பதிலா, மூன்று படங்களா? அது தெரிந்தால் பெறுபவருக்கு இது ஐந்து நிமிட வேலையா, அரை நாள் வேலையா என்பதும் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை என்று தெரிந்தால் பலர் அப்போதே முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, தேதி. "விரைவில்", "கூடிய சீக்கிரம்", "நேரம் கிடைக்கும்போது" எல்லாம் தேதி ஆகாது. "இன்று மாலைக்குள்" கூட, வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு வேறு மாலை. "அடுத்த வெள்ளி" என்பதை ஒருவர் இந்த வார வெள்ளி என்றும், இன்னொருவர் அதற்கு அடுத்தது என்றும் எடுத்துக்கொள்வார். 05/06 என்று எண்ணில் மட்டும் போட்டால் சிலருக்கு ஜூன் 5, சிலருக்கு மே 6. கிழமை, தேதி, மாதப் பெயர், மணி நான்கையும் சேர்த்து, வேறு நேர மண்டலத்தில் யாராவது இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தத் தேதியைக் கேட்பது என்பதைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். அறிக்கை செப்டம்பர் 21 திங்கள் காலை அச்சுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தங்களைச் சேர்க்க நமக்கு ஒரு முழு நாள், அதாவது வெள்ளிக்கிழமை வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டியது வியாழன் மாலை. அந்தக் காரணத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தவர், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுவார். மூத்தவர்களிடம் தேதி குறித்துக் கேட்கத் தயங்குபவர்களுக்கும் இதுதான் வழி. தேதியை நாம் விதிப்பதாக இல்லாமல், அச்சு வேலை கேட்பதாக இருக்கும்.

அதே மெயில், செப்டம்பர் 14 திங்களன்று இப்படிப் போகலாம்:

> பொருள்: செப். 17 வியாழன் மாலை 4-க்குள் தேவை: ஆண்டறிக்கை, மூவரிடமிருந்து
>
> வணக்கம். ஆண்டறிக்கை செப். 21 திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. வெள்ளியன்று திருத்தங்களைச் சேர்க்க, கீழே உள்ளவை வியாழன் மாலை 4 மணிக்குள் எனக்கு வேண்டும்.
>
> கவிதா: 12-ஆம் பக்க அட்டவணையின் எண்களைக் கணக்கேட்டோடு ஒப்பிட்டு, "சரி" என்றோ திருத்திய எண்களையோ அனுப்புங்கள்.
>
> முருகன்: பயிற்சி முகாம் படங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, சுருக்காத மூலக் கோப்புகளாக அனுப்புங்கள்.
>
> சலீம் சார்: முன்னுரைக்கு (பக்கம் 3) உங்கள் ஒப்புதல் தேவை. மாற்றம் இருந்தால் வரைவிலேயே குறித்து அனுப்புங்கள்.
>
> வியாழனுக்குள் முடியாது என்றால் நாளை மாலைக்குள் ஒரு வரி சொல்லுங்கள், மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

மற்ற இருவர் Cc-க்குப் போய்விட்டார்கள். தேதி பொருள் வரியிலேயே இருப்பதால், மெயிலைத் திறக்காமலே அவசரம் தெரிகிறது. பின்னணிக் கதை ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இந்தப் பட்டியலுக்குக் கீழே சொல்லலாம். மேலே வைத்தால், கைபேசியில் படிப்பவர் வேலைக்கு வந்து சேர்வதற்குள் மூடிவிடுவார்.

மூன்று வேலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆளுக்கு ஆள் விளக்கம் நீளும் என்றால், மூன்று தனி மெயிலே நல்லது.

"பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று சிலர் சேர்ப்பதுண்டு. அட்டையின் நிறம் போன்ற, பிறகு மாற்றக்கூடிய சின்ன விஷயத்துக்கு அது சரி. கவிதாவின் எண்களுக்கோ சலீமின் ஒப்புதலுக்கோ கூடாது. அவர் மெயிலைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்; அந்த மௌனத்தை ஒப்புதலாக யாரிடமும் காட்ட முடியாது.

நினைவூட்டலும் இதே முறையில்தான். புதன்கிழமை காலை முருகனிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை என்றால், எல்லோருக்கும் "நினைவூட்டல்" என்று அனுப்பி, முடித்தவர்களையும் சேர்த்துத் தொந்தரவு செய்யாதீர்கள். பழைய மெயிலின் மேலேயே அவருக்கு மட்டும் எழுதலாம்: "முருகன், மூன்று படங்கள் மட்டும் பாக்கி. நாளை மாலை 4-க்குள் அனுப்ப முடியுமா?"