வரிவிலக்குக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால், டீக்கடையில் முதலில் கேட்பது "வரியே கட்ட மாட்டானாம்" என்பதுதான். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டு முழு வருமான வரிவிலக்கு, அடுத்த 5 ஆண்டு பாதி என்று இருந்தது உண்மை. ஆனால் 2020ஓடு புதிதாக வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டை போடுவது வீண்.

இதைவிடப் பெரிய தவறு, வரிவிலக்கு கொடுத்தால் பெரிய முதலீடு தானாக வரும் என்று நம்புவது. அந்தப் பழைய விலக்கையே வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெல்டாவில் ஏற்றுமதிக்காக ஒரு நவீன அரிசி ஆலை. இயந்திரம் 60 கோடி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டு லாபம் 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் பழசாவதற்காக, மீதி மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் போனால், முதல் ஆண்டு 9 கோடி கழிந்து, வரிக்குரிய லாபம் 1 கோடிதான் நிற்கும். தேய்மானம் குறையக் குறைய அது மெல்ல ஏறி, 5 ஆண்டும் சேர்ந்து 16 கோடியைச் சற்றுத் தாண்டும். வரி 25 சதவீதம் என்றால், விலக்கால் மிச்சமாகும் வரி சுமார் 4 கோடி. நல்ல லாபம் கைக்கு வரும் 6ஆம் ஆண்டில் விலக்கு பாதியாகிவிடும்.

அதே 10 கோடி லாபத்தை 2 கோடி மதிப்புள்ள கணினிகளோடு ஓர் அலுவலகம் ஈட்டினால்? 5 ஆண்டில் மிச்சம் சுமார் 12 கோடி. விலக்கு முடிந்ததும் கணினியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதும் சுலபம். மண்ணில் பணத்தைப் புதைத்தவனுக்குக் குறைவு, எளிதில் நகர்பவனுக்கு அதிகம். லாபத்துக்கு விலக்கு தருவதைவிட, போட்ட முதலீட்டில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கழித்துக்கொள்ள விடுவது டெல்டாவுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

வந்த வேலைகளையெல்லாம் சலுகையின் வரவில் எழுதுவதும் தவறு. நெல்லும் துறைமுகமும் பக்கத்தில் இருப்பதால் எப்படியும் வந்திருக்கக்கூடிய ஆலைக்குக் கொடுத்த சலுகை முழு நஷ்டம்தான். இழந்த வரி முழுவதையும் நஷ்டம் என்பதும் சரியல்ல. சலுகை இல்லாவிட்டால் வந்தே இருக்காத ஆலையிடம் இழக்க எதுவுமில்லை.

யார் பணம் போகிறது என்பதையும் பாருங்கள். வருமான வரி மத்திய அரசுடையது. அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது, அதில் தமிழ்நாட்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். 100 ரூபாய் விட்டுக்கொடுத்தால் சென்னைக்கு இழப்பு ஒன்றேமுக்கால் ரூபாய்கூட இல்லை. முத்திரைத் தீர்வையும் மின்சார வரியும் அப்படியல்ல, விட்டுக்கொடுத்தால் மொத்தமும் மாநிலத்தின் கையிலிருந்தே போகும். "எந்த வரி, எத்தனை ஆண்டு?" என்று கிராமசபையில் கேட்கும்போது, முத்திரைத் தீர்வையையும் மின்சார வரியையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.