மாநாடு 3.5, பிரிட்ஜ் கோர்ஸ் 3.5: துறையின் ஸ்கோர்கார்டு எங்கே வழுக்குகிறது?

ஒரு அமைப்பின் செயல்பாட்டை நான்கு கோணங்களில் அளக்கும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு போடச் சொன்னால், பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளில் நடப்பது இதுதான். தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்., தர மதிப்பீட்டு அமைப்பான நாக் ஆகியவற்றுக்காக ஏற்கெனவே திரட்டிய எண்கள் ஒரு எக்செல் கோப்பில் இருக்கும். அவற்றை நிதி, மாணவர், உள் நடைமுறை, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு தலைப்புகளின் கீழ் பிரித்து ஒட்டிவிடுவார்கள். மொத்தம் முப்பது நாற்பது அளவுகோல்கள், கூடவே நிறம் பூசிய ஒரு அட்டவணை. அடுத்த வாரமே துறைக் கூட்டத்தில் புதுத் திட்டங்கள் பேச்சுக்கு வரும். அப்போது அந்த அட்டவணையை யாரும் திறக்க மாட்டார்கள்.

மேலாண்மை வல்லுநர்களான ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992-ல் இந்த முறையை முன்வைத்தபோது, நிதிக் கணக்கை மட்டும் பார்த்து நிறுவனத்தை ஓட்டாதீர்கள் என்பதுதான் அவர்களின் வாதம். நான்கு கோணங்களையும் காரண-விளைவுச் சங்கிலியாகக் கோப்பது அதன் உயிர். சங்கிலி இல்லாவிட்டால் மிஞ்சுவது நான்கு இழுப்பறை உள்ள பீரோ.

ஒரு துறையைக் கற்பனை செய்துகொண்டு பேசுவோம். கணிதத் துறை, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி., ஆண்டுக்கு 60 இடங்கள், 10 ஆசிரியர்கள். இரண்டாம் செமஸ்டர் முடிவில் 60 பேரில் 24 பேருக்கு அரியர் இருக்கிறது. துறை எடுத்த முடிவு ஒரே வரி: சேரும் மாணவர்கள் முதல் ஆண்டை அரியர் இல்லாமல் தாண்ட வேண்டும். மூன்றாண்டில் அந்த 24-ஐ 15-ஆகக் குறைக்க வேண்டும்.

இதற்கான சங்கிலியைக் கீழிருந்து கட்டலாம். ஆசிரியர்களில் நான்கு பேர் பள்ளிக் கணிதத்துக்கும் கல்லூரிக் கணிதத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பிப் பாடம் நடத்தப் பழக வேண்டும். இது கற்றலும் வளர்ச்சியும். முதல் இன்டர்னல் விடைத்தாள் ஏழு நாளில் திரும்ப வேண்டும், தவறியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் சிறு குழு வகுப்பு தொடங்க வேண்டும். இது உள் நடைமுறை. அப்படி நடந்தால் அரியர் குறையும். இது மாணவர் கோணம். நிதி? ஒரு கம்பெனியில் அது உச்சியில் நிற்கும். பல்கலைக்கழகத் துறையில் அது தரையில்தான் இருக்க வேண்டும். கையில் உள்ள பணமும் ஆசிரியர் நேரமும் எவ்வளவு, அவை எங்கே போகின்றன என்று அந்தக் கோணம் சொன்னால் போதும். கம்பெனி வரைபடத்தை அப்படியே எடுத்து நிதியை உச்சியில் வைத்தால், வருமானம் தரும் எந்தத் திட்டமும் தானாக முதலிடம் பிடித்துவிடும்.

மார்க் போட்டுக் கூட்டுவது

அதிகச் சேதம் நேர்வது இந்த இடத்தில்தான். துறைக்கு மூன்று யோசனைகள் வருகின்றன: சுயநிதியில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ், பள்ளிக் கணிதத்திலிருந்து கல்லூரிக் கணிதத்துக்குக் கைபிடித்துக் கூட்டிவரும் முதலாண்டு பிரிட்ஜ் கோர்ஸ், ஒரு சர்வதேச மாநாடு. நான்கு கோணங்களுக்கும் சம எடை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க் போடுகிறார்கள். வரிசை நிதி, மாணவர், நடைமுறை, கற்றல். டேட்டா சயின்ஸ் 5, 4, 2, 4 பெறுகிறது, சராசரி 3.75. பிரிட்ஜ் கோர்ஸ் 2, 5, 4, 3, சராசரி 3.5. மாநாடு 3, 3, 3, 5, அதுவும் 3.5.

சரி, இப்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரியரைக் குறைப்பதுதான் துறையின் குறிக்கோள். அதை நேரடியாகத் தொடும் ஒரே யோசனை பிரிட்ஜ் கோர்ஸ். அது முதலிடத்தில் இல்லை, மாநாட்டோடு சமமாக நிற்கிறது. மாநாடு வாங்கிய மூன்று ‘3’களும் யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று போடப்பட்டவை. எந்தக் கோணத்திலும் பாதகமில்லாத ஒன்று, ஒரு கோணத்தில் உண்மையாகவே வேலை செய்யும் ஒன்றுக்குச் சமமாவது கூட்டல் சராசரியின் குணம்.

டேட்டா சயின்ஸ் வாங்கிய மாணவர் மார்க்கையும் கேள்வி கேட்க வேண்டும். அந்த 4 எந்த மாணவர்களுக்கு? இனிமேல் வந்து சேரப்போகிற முதுநிலை மாணவர்களுக்கு. அரியர் வைத்திருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘மாணவர்’ என்று பொதுவாக எழுதி வைத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். யார் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

அதனால் மார்க்குக்கு முன்னால் ஒரு வாசல் வேண்டும். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே கேள்வி: சங்கிலியின் எந்தக் கண்ணியை, எந்த அளவுகோலில், எவ்வளவு நகர்த்தும்? பதில் எழுத முடியாதது மார்க் போடும் கட்டத்துக்கே வரக்கூடாது. மாநாடு இங்கேயே நின்றுவிடும். துணைவேந்தர் அலுவலகம் நடத்தியே ஆக வேண்டும் என்று சொன்னால் நடத்துங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ‘கட்டாயம்’ என்று தனி வரியில் எழுதுங்கள். குறிக்கோளோடு பொருந்துகிறது என்று சாதிக்க வேண்டாம்.

மணிக்கணக்கு இல்லாத திட்டத் தொகுப்பு

யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். நம் துறையில் எல்லா வகுப்புகளையும் பங்கிட்ட பிறகு, பத்துப் பேரிடமும் சேர்த்து வாரம் 20 மணி நேரம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். பிரிட்ஜ் கோர்ஸுக்கு 8 மணி வேண்டும். டேட்டா சயின்ஸுக்கு முதல் செமஸ்டரில் நான்கு தாள், தாளுக்கு 5 மணி என்றாலே 20. ஆக, அதை எடுத்தால் பிரிட்ஜ் கோர்ஸ் காகிதத்தில் மட்டும்தான் ஓடும்.

இதற்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “கெஸ்ட் லெக்சரர் போட்டுக்கலாம் சார்.” போடலாம். அந்தச் சம்பளத்தை நிதிக் கோணத்தில் சேர்த்துவிட்டு, அங்கே போட்ட 5 இன்னும் 5-தானா என்று பார்க்க வேண்டும். 3-ஆக இறங்கினால் சராசரி 3.25, முதலிடம் போய்விடும். ஆசிரியர் நேரத்தை ஒரு அளவுகோலாக வைத்தால்தான் இந்த மோதல் முடிவெடுப்பதற்கு முன்பே கண்ணில் படும். பணம் மட்டும் இருந்தால் எல்லாத் திட்டமும் ஒன்றாக ஓடும் போலத்தான் தெரியும்.

அப்புறம் அளவுகளை வாசிப்பதில் ஒரு பிழை. ஓராண்டு கழித்து அரியர் 24-லிருந்து 20 ஆகிறது, கைதட்டுகிறார்கள். 60 பேர் கொண்ட வகுப்பில் எதுவுமே செய்யாமல்கூட ஒரு பேட்ச்சுக்கும் அடுத்ததற்கும் நான்கு ஐந்து பேர் வித்தியாசம் சாதாரணமாக வரும். கணிதத் துறைக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. ஒரு பேட்ச்சை வைத்துத் திட்டத்தைப் பாராட்டவும் கூடாது, மூடவும் கூடாது. அதுவரை பார்க்க வேண்டியது அரியர் எண்ணுக்கு முன்னால் வரும் அளவு: முதல் இன்டர்னலில் தவறியவர்களில் எத்தனை பேர் சிறு குழு வகுப்புக்குப் பிறகு இரண்டாவதில் தேறினார்கள்? இது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

அந்த அளவிலும் ஓட்டை உண்டு. இன்டர்னல் தாளை வைப்பதும் திருத்துவதும் அதே ஆசிரியர்கள். எண் நன்றாக வர வேண்டுமென்றால் கேள்வித்தாளை இளக்கினால் போதும். இன்டர்னல் தேர்ச்சி ஏறி, செமஸ்டர் தேர்வு அரியர் பேட்ச் பேட்ச்சாக அசையாமல் நின்றால், முதலில் இரண்டு ஆண்டுக் கேள்வித்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சிறு குழு வகுப்பின் வருகைப் பதிவேட்டை மட்டும் அளவாக வைத்திருந்தால் இந்தச் சோதனைக்குக்கூட வழியில்லை. அது முதல் வாரத்திலிருந்தே நூறு சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்.