வெறும் பேரை மட்டும் டேக் பண்ணிட்டு போறாங்களே, அதை எப்படி படிக்கிறது?

ஃபேஸ்புக், இன்ஸ்டாவுக்கு புதுசா வந்தவங்க, முக்கியமா நம்ம அப்பா அம்மா வயசுல இப்பதான் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணவங்க, அடிக்கடி கேக்குற கேள்வி இது. ஒரு மீமுக்கு கீழ கமென்ட்டை திறந்தா ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி வரிசையா பேருங்க மட்டும் இருக்கு, ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதல, ஆனா அதுக்கு கீழ நாலு பேர் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க, என்ன நடக்குதுன்னே புரியலைன்னு. ஸ்டெப் ஸ்டெப்பா பாப்போம்.

ஸ்டெப் 1: அது நெஜமாவே டேக்தானா?

பேரை அமுக்குனா அந்த ஆளோட ப்ரொஃபைல் திறக்கணும். திறக்கலைன்னா அது சும்மா டைப் பண்ண பேரு, அவருக்கு நோட்டிஃபிகேஷனே போயிருக்காது. நீங்க டேக் பண்ணணும்னா ஃபேஸ்புக்ல `@` போட்டு பேரோட முதல் ரெண்டு மூணு எழுத்தை அடிங்க, லிஸ்ட் வரும், அதுல சரியான ஆளை தொடுங்க. ஒரே பேர்ல அஞ்சு பேர் இருந்தா போட்டோ பாத்து தொடுங்க, இல்லன்னா யாரோ ஒரு அண்ணனுக்கு போய் நிக்கும். ப்ரொஃபைல்ல பேரு இங்கிலீஷ் எழுத்துல இருந்தா நீங்களும் அப்படியே அடிச்சு பாருங்க. இன்ஸ்டாவுல நிஜ பேரு இருந்தா மட்டும் போதாது, யூசர்நேம் வேணும், புள்ளி, அண்டர்ஸ்கோர் ஒண்ணு விட்டாலும் வேற ஆளுக்கு போயிடும்.

இன்னொண்ணு, டேக் சரியா விழுந்தாலும் அவரால அந்த போஸ்டை பாக்க முடியணும். ப்ரைவேட் அக்கவுண்ட் போட்ட போஸ்ட்ல, அந்த அக்கவுண்டை ஃபாலோ பண்ணாத ஃப்ரெண்டை கூப்பிட்டா அவருக்கு அது தெரியாது. "டேக் பண்ணேன், கண்டுக்கவே இல்ல"ன்னு கோவப்படுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை செக் பண்ணுங்க.

ஸ்டெப் 2: விட்டுப்போன வாக்கியத்தை நீங்களே போட்டு பாருங்க

பேருக்கு பக்கத்துல ஒரு வாக்கியம் சொல்லாம விடப்பட்டிருக்கு. பெரும்பாலும் நாலுல ஒண்ணுதான்: "இதை பாரு", "இது நீதான்டா", "நாம போலாமா", "இது உனக்கு உதவும்". போஸ்டை படிச்சுட்டு நாலையும் ஒவ்வொண்ணா பொருத்தி பாருங்க, ஒண்ணு ரெண்டு தானா கழண்டுக்கும். கிரிக்கெட் கேட்ச் வீடியோன்னா பாரு. வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னா உதவும். ஒரு மனுஷனோட குணத்தை கிண்டல் பண்ற மீம்னா, சந்தேகமே வேணாம், நீதான்டா.

இப்ப ஒரு கேஸ் எடுத்துக்குவோம். அருண்னு ஒரு ஃப்ரெண்டு இருக்கான்னு வச்சுக்கங்க. "ட்ரிப் ப்ளான் எல்லாம் போட்டுட்டு கடைசி நிமிஷத்துல வரலைன்னு சொல்றவன்"னு ஒரு மீம், அதுக்கு கீழ ஒருத்தன் அருணை டேக் பண்றான், அடுத்தவனும் அருண், அதுக்கு அடுத்தவனும் அருண். ஒருத்தன் மட்டும் டேக் பண்ணிருந்தா "பாரு சிரிப்பா இருக்கு"ன்னு கூட எடுத்துக்கலாம், மூணு பேர் ஒரே பேரை அடுத்தடுத்து போட்டா அது தீர்ப்பு சொல்லியாச்சுன்னு அர்த்தம், நண்பர்கள் எல்லாரும் ஒத்துக்கிட்ட உண்மை அது.

ஒரு வாரம் கழிச்சு கொழுக்குமலை சன்ரைஸ் போட்டோ ஒண்ணு வருது, சூரியநெல்லியில இருந்து ஜீப்ல ஏறி போவாங்களே, அந்த இடம். அதுக்கு கீழயும் அதே ஆள் அதே அருணை டேக் பண்றான். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது "போலாமா". ஆனா அந்த க்ரூப்புக்கு முன்ன வந்த மீம் ஞாபகம் இருக்கும், அவங்களுக்கு இது "இந்த தடவையாச்சும் வந்து தொலைவியா". இதனாலதான் தெரியாத ஆளுங்களோட டேக்கை பாதிக்கு மேல நம்மால படிக்க முடியாது, அவங்களுக்குள்ள இருக்குற பழைய கணக்கு நமக்கு தெரியாதே.

ஸ்டெப் 3: பதிலை பாருங்க

டேக்கோட அர்த்தம் உறுதி ஆகுறது இங்கதான். அருண் "எப்போ?"ன்னு கேட்டா ப்ளானா எடுத்துக்கிட்டான். வெறும் லைக் போட்டுட்டு போனா "பாத்துட்டேன், ஆனா வாக்கு குடுக்க மாட்டேன்"னு சொல்லாம சொல்றான், இதை பல பேர் சம்மதம்னு நெனச்சு ஜீப் வரைக்கும் பேசிடுறாங்க. டேக் பண்ணவன் பேரையே திருப்பி டேக் பண்ணா "நான் இல்ல, நீதான்டா அது". மூணாவதா ஒருத்தனை இழுத்து டேக் பண்ணா தப்பிச்சுட்டான், பந்து அங்க போயிடுச்சு. ஒண்ணுமே பண்ணலைன்னா உடனே தப்பா எடுத்துக்காதீங்க, நோட்டிஃபிகேஷன் குவியலுக்குள்ள போயிருக்கும்.

ஸ்டெப் 4: இன்பாக்ஸ்ல அனுப்பாம ஏன் இங்க போட்டாங்க?

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இந்த கேள்விதான். "இதை பாரு"ன்னு மட்டும் சொல்லணும்னா மெசேஜ்ல அனுப்பலாம், யாருக்கும் தெரியாது. கமென்ட்ல போட்டா மத்தவங்களும் பாக்கணும்னு ஒரு ஆசை பாதி இருக்கு. கிண்டலுக்கு சுத்தி ஆளுங்க வேணும், அதனால அது இங்க வர்றது நியாயம். ஆனா அதே பழக்கத்துல சிலது கை தவறி இங்க வந்துடும். முடி கொட்டுறதுக்கு எண்ணெய், உடம்பு குறைக்க பவுடர்னு விளம்பரம் வரும், அங்க பேரை மட்டும் போட்டா நீங்க அக்கறையா போட்டிருந்தாலும் "இது நீதான்"னுதான் விழும். வேலை விளம்பரம் இன்னும் மோசம், நண்பன் இப்ப இருக்குற ஆபீஸ்ல மேனேஜரும் அவன் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருந்தா, அவன் வேற வேலை தேடுறான்னு நீங்களே ஊருக்கு சொன்ன மாதிரி ஆயிடும். நிச்சயம் ஆன பையனை பழைய காதல் மீம்ல டேக் பண்றதையும் இதுலயே சேத்துக்கங்க, பொண்ணு வீட்டு சித்தப்பாவும் ஆன்லைன்லதான் இருக்காரு. இந்த மாதிரி உடம்பு, வேலை, கல்யாணம் விஷயம்லாம் இன்பாக்ஸ்.

ரத்தம் தேவைன்னு வர்ற போஸ்ட்ல வெறும் பேரு போட்டா வேலைக்கே ஆகாது. ஓ நெகட்டிவ் இருக்குற ஃப்ரெண்டை டேக் பண்ணா அவன் அதை "இதை பாரு"ன்னு எடுத்துக்கிட்டு லைக் போட்டுட்டு போயிடுவான். முதல்ல போஸ்ட் தேதியை பாருங்க, வருஷக்கணக்கா சுத்துற போஸ்ட் நெறைய, அதுல இருக்குற நம்பருக்கு கூப்பிட்டு இன்னும் தேவையான்னு கேளுங்க, அப்புறம் ஃப்ரெண்டுக்கு நேரா போன் போடுங்க.

ஸ்டெப் 5: அர்த்தமே இல்லாத டேக்

"மூணு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணா பரிசு" போஸ்ட்டுக்கு கீழ இருக்குற பேருங்கள்ல எந்த அர்த்தத்தையும் தேடாதீங்க, அங்க நீங்க வெறும் கூப்பன். ஃபேஸ்புக் ரூல்ஸ் படி போட்டிக்கு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ண சொல்றதே கூடாது, 2017 டிசம்பர்ல "இப்படி ஒரு ஃப்ரெண்டை டேக் பண்ணுங்க"ன்னு கெஞ்சுற போஸ்ட்டுங்களை ஃபீட்ல கீழ தள்ளுவோம்னும் அறிவிச்சாங்க. இருந்தும் வந்துட்டுதான் இருக்கு.

இந்த மாதிரி தெரியாத ஆளுங்க டேக் தொல்லை இன்ஸ்டாவுல தாங்கலைன்னா செட்டிங்ஸ்ல `Tags and mentions`னு இருக்கும், உள்ள போய் நீங்க ஃபாலோ பண்றவங்க மட்டும் மென்ஷன் பண்ற மாதிரி மாத்திடுங்க. நண்பனோட கிண்டல் டேக் மட்டும் பிடிக்கலைன்னா அதுக்கு செட்டிங் தேவையில்ல, "மச்சி அதை மட்டும் டெலிட் பண்ணிடுடா"ன்னு இன்பாக்ஸ்ல ஒரு வரி போடுங்க, கமென்ட்லயே போய் சண்டை போட்டா அதுக்கும் நாலு பேர் வேற யாரையாவது டேக் பண்ணுவாங்க.