ஆயுள்கால ஆண்டுத்தொகை: பெறுமதிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்ததும், அதை அப்படியே வங்கியில் போடுவதா, உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் பணம் தரும் ஆண்டுத்தொகையாக மாற்றுவதா என்று கொழும்பில் பலர் யோசிக்கிறார்கள். உடனே ஒரு குறுக்குவழிக் கணக்கும் போடுகிறார்கள்: "சராசரியாக இன்னும் இத்தனை வருடம் இருப்பேன். அத்தனை வருடக் கொடுப்பனவுகளின் இன்றைய பெறுமதிதான் இதன் நியாயமான விலை." தவறு இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கணக்கு எப்போதும் விலையைக் கூட்டியே காட்டும்.

காரணம் புரிய ஒரு சின்ன அட்டவணையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரே வயதுள்ள 1,000 பேரில் ஒரு வருடம் கழித்து 800 பேர் இருக்கிறார்கள். பிறகு 600, 400, 200. ஐந்தாம் வருட முடிவில் யாரும் இல்லை. ஒவ்வொரு வருட முடிவிலும், உயிரோடு இருப்பவருக்கு 100,000 ரூபா. வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் 10 சதவீதம்.

ஒருவருக்கு எதிர்பார்க்கக்கூடிய கொடுப்பனவுகளின் எண்ணிக்கை 0.8 + 0.6 + 0.4 + 0.2 = 2. அதாவது சராசரியாக இரண்டு முழு வருடங்கள். குறுக்குவழிக்காரர் இரண்டு வருடத்துக்கு நிச்சயமான கொடுப்பனவு என்று வைத்து 173,554 ரூபா என்பார். சரியான முறை, ஒவ்வொரு வருடத் தொகையையும் அந்த வருடம் வரை பிழைத்திருக்கும் நிகழ்தகவால் பெருக்கி, பிறகு கழிவு செய்து கூட்டுவது:

```
0.8/1.1 + 0.6/1.1^2 + 0.4/1.1^3 + 0.2/1.1^4 = 1.66027
```

விடை 166,027 ரூபா. குறுக்குவழி 7,500 ரூபாவுக்கு மேல், கிட்டத்தட்ட 4.5 சதவீதம், கூட்டிச் சொல்லிவிட்டது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விடயம். நிச்சயக் கணக்கோடு ஒப்பிட்டால், உண்மையான ஆண்டுத்தொகையில் முதல் வருடத்தில் 0.2, இரண்டாம் வருடத்தில் 0.4 என மொத்தம் 0.6 கொடுப்பனவு குறைகிறது. அதே 0.6 மூன்றாம், நான்காம் வருடங்களுக்குத் தள்ளிப்போகிறது. எண்ணிக்கையில் நட்டமில்லை. ஆனால் தள்ளிப்போன பணம் அதிகமாகக் கழிவு செய்யப்படுவதால் இன்றைய பெறுமதி குறைகிறது. சராசரி ஆயுள் என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்தத் தகவல் இல்லவே இல்லை.

அடுத்த தவறு, அட்டவணையில் தவறான நிரலை எடுப்பது. ஆயுள் அட்டவணைகளில் ஒரு வருட நிகழ்தகவுகள் இருக்கும்: இங்கே 800/1000 = 0.8, 600/800 = 0.75, பிறகு 0.667, 0.5. இவற்றை நேரடியாகச் சூத்திரத்தில் போட்டால் 218,949 ரூபா வரும். நான்காம் வருடத்துக்குத் தேவை, இன்றிலிருந்து நான்கு வருடமும் பிழைத்திருப்பதன் நிகழ்தகவு. நான்கையும் பெருக்கினால்தான் 0.2 கிடைக்கும். பிடிபடாமல் போகிற பிழைதான், ஆனால் ஒரு எளிய சோதனை உண்டு: கழிவு வீதத்தைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். விடை, அதே அட்டவணை தரும் எஞ்சிய முழு வருடங்களின் சராசரியாக வர வேண்டும். இங்கே 2 வருவதற்குப் பதிலாக 2.72 வரும். சரி, நிரல் பிழை என்று தெரிந்துவிடும்.

முதல் தொகை இன்றைக்கே கிடைக்குமா, வருட முடிவிலா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றே கிடைத்தால், மேற்கண்ட நான்கு கொடுப்பனவுகளோடு முழு 100,000 சேர்ந்து 266,027 ரூபா. இதை எக்செலில் `=NPV(0.1, ...)` என்று ஐந்து தொகைகளையும் வரிசையில் போட்டுக் கணித்தால் 241,843 காட்டும். அந்தச் சார்பு முதல் தொகையும் ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. முதல் தொகையை வெளியே வைத்துக் கூட்ட வேண்டும்.

கடைசியாக, பணவீக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்பதால், அந்தப் பயத்தில் வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்த வீதத்தை எடுத்து, உயராத நிலையான தொகையைக் கழிவு செய்பவர்கள் உண்டு. அது பெறுமதியைப் பொய்யாக ஊதிவிடும். நிலையான ரூபாத் தொகைக்குச் சந்தை வட்டியைத்தான் அப்படியே எடுக்க வேண்டும். முதல் வருடத்திலிருந்தே தொகை வருடம் 5 சதவீதம் உயரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் கழிவு வீதம் 1.10/1.05 - 1, அதாவது சுமார் 4.76 சதவீதம். அப்போது நம் உதாரணத்தின் பெறுமதி 182,427 ரூபா.