பிப்ரவரி 29 எங்கே நிற்கிறது? கிழமைக் கணக்கில் ஒரு நாள் பிசகும் இடங்கள்

2023இல் குடியரசு தினம் வியாழக்கிழமை வந்தது. 2024இல் வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு கிழமைதான் நகர்ந்தது. அதே 2023இல் செவ்வாயன்று வந்த சுதந்திர தினமோ 2024இல் புதனைத் தாண்டி வியாழனுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு கதை தலைகீழானது. 2025இல் குடியரசு தினம் இரண்டு கிழமை தாண்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுதந்திர தினம் ஒரு கிழமை மட்டும் நகர்ந்து வெள்ளியில் நின்றது.

லீப் ஆண்டு 2024 ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு தேதி 2024க்குள் நுழையும்போது இரண்டு நாள் தாவுகிறது, இன்னொன்று 2024இலிருந்து வெளியேறும்போது தாவுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கிழமைக் கணக்கில் ஒரு நாள் பிசகுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான். "லீப் ஆண்டு என்றால் இரண்டு மீதி நாள்" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அந்த இரண்டு எந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே வரும் என்று கேட்டால் தயங்குவார்கள்.

சாதாரண ஆண்டின் 365 நாட்களில் 52 முழு வாரங்கள் போக 1 நாள் மிஞ்சும். லீப் ஆண்டின் 366இல் 2 நாள் மிஞ்சும். வகுப்பில் 'ஆட் டேஸ்' என்று சொல்வது இந்த மீதி நாட்களைத்தான். ஆனால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முழு ஆண்டை எடுத்தால்தான் "லீப் ஆண்டுக்கு 2" என்பது பொருந்தும். ஆகஸ்டிலிருந்து ஆகஸ்ட் வரை, ஜனவரி 26இலிருந்து ஜனவரி 26 வரை என்று எண்ணும்போது ஆண்டின் பெயர் உதவாது. பிப்ரவரி 29 என்ற அந்த ஒரு நாள் இடையில் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். 15-8-2023க்கும் 15-8-2024க்கும் நடுவே அது வருகிறது, அதனால் 2. 26-1-2023க்கும் 26-1-2024க்கும் நடுவே வரவில்லை, அதனால் 1. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற பிழைகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

சரி, ஆண்டு இடைவெளி பெரிதாக இருந்தால்? 15-8-1947 வெள்ளிக்கிழமை, 15-8-2022 என்ன கிழமை என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 75 ஆண்டுகள். பலரும் உடனே 75ஐ 4ஆல் வகுத்து 18 லீப் ஆண்டு என்று எழுதிவிடுவார்கள். 75 + 18 = 93, அதை 7ஆல் வகுத்தால் மீதி 2, வெள்ளியுடன் இரண்டு கூட்டினால் ஞாயிறு. கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஞாயிறும் நிச்சயம் இருக்கும்.

ஆனால் 2022 ஆகஸ்ட் 15 திங்கட்கிழமை. எங்கே தவறு? லீப் ஆண்டுகளை விரல் விட்டு எண்ணினால் தெரியும்: 1948, 1952, 1956 என்று தொடங்கி 2020 வரை மொத்தம் 19. இடைவெளியை 4ஆல் வகுப்பது 75 ஆண்டுக்குள் எத்தனை முழு நான்காண்டுத் தொகுப்புகள் அடங்கும் என்பதை மட்டுமே சொல்லும். தொடங்கிய மறு ஆண்டே லீப் ஆண்டாக அமைந்தால் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அதை வகுத்தல் காட்டாது.

இதற்குப் பாதுகாப்பான வழி, இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே 4ஆல் வகுத்து, ஈவுகளைக் கழிப்பது. 2022ஐ வகுத்தால் 505, 1947ஐ வகுத்தால் 486. கழித்தால் 19. 75 + 19 = 94, மீதி 3, வெள்ளிக்கு மூன்றாவது நாள் திங்கள். தேதிகள் மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு இருந்தால் ஆண்டை அப்படியே வகுக்கலாம். ஜனவரி, பிப்ரவரித் தேதியாக இருந்தால் அந்த ஆண்டின் பிப்ரவரி 29 இன்னும் வரவில்லை என்பதால், ஆண்டில் ஒன்றைக் குறைத்துவிட்டு வகுக்க வேண்டும். 26-1-1950 வியாழக்கிழமை, 26-1-2025 என்ன கிழமை? 2024ஐ வகுத்தால் 506, 1949ஐ வகுத்தால் 487, வித்தியாசம் 19. மீண்டும் 94, மீதி 3, விடை ஞாயிறு. தொடக்கத்தில் பார்த்த ஞாயிறும் இதுவே.

அடுத்தது 1900. இதை விதியாகக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள்: 100ஆல் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. எனவே 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல, 2100ம் அல்ல. பருவங்கள் ஒரு முழுச் சுற்று வர ஆகும் காலம் 365.25 நாளைவிடச் சற்றுக் குறைவு என்பதால் வந்த திருத்தம் இது. கணக்குப் போடும்போது மட்டும் 1900 எப்படியோ லீப் பட்டியலுக்குள் நுழைந்துவிடுகிறது, ஏனென்றால் கேள்வியில் 1900 என்ற எண் எங்குமே இருப்பதில்லை.

கணிதமேதை ராமானுஜன் பிறந்தது 22-12-1887. அவரது 125ஆவது பிறந்தநாளான 22-12-2012 சனிக்கிழமை. அவர் பிறந்த கிழமை என்ன? 2012ஐ 4ஆல் வகுத்தால் 503, 1887ஐ வகுத்தால் 471. வித்தியாசம் 32. இதில் 1900ம் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது, அதை நீக்கினால் 31. 125 + 31 = 156. 7ஆல் வகுத்தால் மீதி 2. பின்னோக்கிப் போகிறோம், அதனால் சனியிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். விடை வியாழக்கிழமை. 1900ஐ நீக்க மறந்தவருக்கு மீதி 3 வரும், அவர் புதன் என்று எழுதுவார். திசையை மறந்து கூட்டியவர் திங்கள் என்று எழுதுவார்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? 125ஐ நேராக 4ஆல் வகுத்தாலும் 31தான். அதாவது முன்பு சொன்ன தவறான வழியில் போனவருக்கு இங்கே சரியான விடை வந்துவிடும். வகுத்தலில் ஒரு லீப் ஆண்டு விடுபட்டது, 1900ஆல் ஒன்று கூடியது, இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. இப்படி ஒரு முறை தப்பிப் பிழைத்தவர்தான் அந்த வழியை நம்பத் தொடங்குகிறார். அதனால் ஒரு குறுக்குவழியைச் சோதிக்கும்போது 1900ஐத் தாண்டாத ஒரு கணக்கிலும் தாண்டும் ஒரு கணக்கிலும் போட்டுப் பாருங்கள்.

எந்தக் கிழமையும் தராமல் வெறும் தேதியை மட்டும் கொடுத்துக் கேட்கும் கேள்விகள் இன்னொரு வகை. இதில் 400 ஆண்டுக்கு மீதி 0, 100 ஆண்டுக்கு 5, 200க்கு 3, 300க்கு 1 என்று வைத்துக்கொண்டு, இறுதியில் 0 வந்தால் ஞாயிறு, 1 வந்தால் திங்கள் என்று படிப்போம். 15-8-1947ஐயே எடுத்துக்கொள்வோம். முடிந்த ஆண்டுகள் 1946. 1947 இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதை முழு ஆண்டாக எண்ணக் கூடாது. 1600க்கு 0, 300க்கு 1. மிச்சம் 46 ஆண்டுகள், அதில் 11 லீப் ஆண்டுகள். 46 + 11 = 57, மீதி 1. பிறகு 1947இன் நாட்கள்: ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, அப்படியே ஜூலை வரை கூட்டி, ஆகஸ்டில் 15 சேர்த்தால் 227. மீதி 3. 1 + 1 + 3 = 5, வெள்ளிக்கிழமை.

இங்கே 46க்குப் பதில் 47 எடுத்தால் விடை சனிக்கு நகரும். அதைவிட அடிக்கடி நான் பார்க்கும் பிழை லீப் ஆண்டுக்கு இரண்டு முறை கூலி கொடுப்பது. "லீப் ஆண்டுக்கு 2" என்பது மனதில் இருப்பதால் 46 + 22 = 68 என்று எழுதிவிடுவார்கள். 46இல் ஒவ்வொரு லீப் ஆண்டுக்கும் ஒரு நாள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி. 22ஐத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், அதனுடன் சாதாரண ஆண்டுகளான 35ஐ மட்டும் கூட்டுங்கள். அதுவும் 57தான்.

ஆண்டுக்குள் நாள் எண்ணும்போது முதல் நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பமும் இதனுடன் சேர்ந்தே வரும். மேலே ஜனவரிக்கு முழு 31 எடுத்தோம், ஏனென்றால் முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 முடிந்த இடத்திலிருந்து எண்ணினோம். "1-1-2024 திங்கட்கிழமை, 1-3-2024 என்ன கிழமை" என்று கேட்டால் அப்படிச் செய்யக் கூடாது. கையிலிருக்கும் கிழமை ஜனவரி 1க்கு உரியது, எனவே அந்த நாள் எண்ணிக்கையில் வராது. ஜனவரியில் மிச்சம் 30, பிப்ரவரியில் 29, மார்ச்சில் 1, மொத்தம் 60. மீதி 4, வெள்ளிக்கிழமை. 31 எடுத்தவருக்கு 61 வந்து விடை சனியாகும். இதே தவறைச் செய்து, கூடவே பிப்ரவரிக்கு 28 என்றும் எடுத்தவருக்கு மறுபடி 60 வந்துவிடும். இங்கும் இரண்டு பிழை சேர்ந்து சரியான விடையாகிவிடுகிறது.

கடைசியாக, "2024இன் நாட்காட்டி மறுபடி எந்த ஆண்டுக்குப் பொருந்தும்" என்ற வகைக் கேள்வி. மீதி நாட்களைக் கூட்டிக்கொண்டே போய், 7ஆல் வகுபடும் இடத்தில் நிற்க வேண்டும். 2024க்கு 2, 2025, 2026, 2027க்குத் தலா 1, 2028க்கு 2. மொத்தம் 7, எனவே 2029. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். 2029 ஜனவரி 1ம் திங்கள்தான், ஆனால் 2029 லீப் ஆண்டு அல்ல. பிப்ரவரி வரை பொருந்தும் நாட்காட்டி மார்ச் 1இல் உடைந்துவிடும். 2024க்குப் பொருந்துவது 2052, அதாவது 28 ஆண்டு கழித்து.

இந்த 28ஐயும் எல்லா இடத்திலும் போட முடியாது. 2080இன் நாட்காட்டிக்கு 28 கூட்டி 2108 என்று எழுதினால் தவறு. நடுவில் 2100 இருக்கிறது, அதற்குப் பிப்ரவரி 29 கிடையாது. 28 ஆண்டுகளில் 7க்குப் பதில் 6 லீப் ஆண்டுகளே வரும், 28 + 6 = 34, மீதி 6. தொடர்ந்து நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டு போனால் 2120இல்தான் கணக்கு முடியும்: 40 ஆண்டுகள், 9 லீப் ஆண்டுகள், மொத்தம் 49.