மீசை வைத்தவரெல்லாம் மாமா அல்லர்: வார இறுதி வகுப்பில் உறவுமுறை கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சில் கோடை விடுமுறை நெருங்கும்போது, அங்குள்ள பிள்ளைகளுக்குப் புதுச்சேரியிலிருந்து இணையவழியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் நாங்கள் உறவுமுறைப் பாடத்தைக் கையில் எடுப்போம். அங்கே பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 5.30. விடுமுறைக்கு முத்தியால்பேட்டையிலோ கடலூரிலோ வந்து இறங்கும் பிள்ளை, வாசலில் நிற்கும் அத்தனை பேரையும் முறை சொல்லி அழைக்க வேண்டும் என்பதே பெற்றோரின் எதிர்பார்ப்பு. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலரின் வகுப்புகளில் அமர்ந்து பார்த்தேன். எங்கள் தொடக்க கால வகுப்புகளில் நடந்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வந்திருந்தன. உச்சரிப்புத் தடுமாற்றம் போன்றவை தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தின் மேல் உறவை ஒட்டிவைப்பது

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கடையில் விற்கும் பட அட்டைகளில் மீசை வைத்தவர் மாமா, கொண்டை போட்டவர் அத்தை, நரைத்த தலை தாத்தா. ஆசிரியர் அட்டையைக் காட்டுகிறார், பிள்ளை சொல்லைச் சொல்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிள்ளையோ உறவைக் கற்கவில்லை. ஒரு முகத்தின் பெயரைக் கற்றிருக்கிறது.

இப்படி எல்லா அட்டைகளையும் பிழையின்றிச் சொல்லிவந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள தன் அப்பாவின் வீட்டுக்கு வந்தான். அடர்ந்த மீசையோடு வரவேற்ற அப்பாவின் அண்ணனைப் பார்த்ததும், தயங்காமல் "வாங்க மாமா" என்றான். பெரியப்பாவை மாமா ஆக்கினால் பெரியம்மா அத்தை ஆகிவிடுவார்; அக்கா என்று அழைக்க வேண்டிய அவர்களுடைய மகள் முறைப்பெண் ஆகிவிடுவாள். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் திட்டவில்லை. ஆயினும் ஊர் திரும்பும்வரை அந்தப் பிள்ளை எவரையும் எந்த முறையும் சொல்லி அழைக்கவில்லை. அருகில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் பேசினான் என்று அவனுடைய தாய் சொன்னார். ஒரு பருவம் முழுவதும் செய்த உழைப்பு இப்படி வீணானது.

இதற்கு மாற்றாக நாங்கள் ஆடும் ஆட்டத்துக்கு நூலும் புகைப்படங்களும் போதும். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஆறேழு பேரின் படங்களை முன்கூட்டியே கேட்டு வாங்குகிறோம். நடுவில் பிள்ளையின் படம், அதற்கு மேலே அம்மாவும் அப்பாவும், அவர்களோடு பிறந்தவர்கள் இரு பக்கமும்; படங்களை ஒன்றோடொன்று இணைப்பது நூல். பிள்ளை தன் படத்திலிருந்து விரலால் நூலைத் தொட்டுக்கொண்டே போய், "நான், என் அம்மா, அம்மாவோடு பிறந்தவர்" என்று வழியைச் சொன்ன பிறகே முறையைச் சொல்ல வேண்டும். வழி சொல்லாமல் சொன்ன விடை சரியாகவே இருந்தாலும் ஆட்டத்தில் சேராது.

வழியில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. யாரோடு பிறந்தவர் என்பது முதல் கேள்வி. அம்மாவோடு பிறந்த ஆண் என்றால் மாமா, அப்பாவோடு பிறந்த பெண் என்றால் அத்தை; இவ்விருவருக்கும் வயது கேட்க வேண்டியதில்லை. அப்பாவோடு பிறந்த ஆண், அம்மாவோடு பிறந்த பெண் ஆகியோருக்கு மட்டுமே மூத்தவரா, இளையவரா என்ற இரண்டாவது கேள்வி எழுகிறது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகிய நான்கும் இந்தக் கேள்வியில் பிரிகின்றன. அந்த வயதை அளப்பது பிள்ளையை வைத்து அன்று, தாயையோ தந்தையையோ வைத்து என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். மணத்தால் வந்தவர்களை அடுத்த வகுப்புக்கு ஒத்திவைக்கலாம். மாமாவின் மனைவி அத்தை, அத்தையின் கணவர் மாமா என்பதைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். சித்தியின் கணவரும் சித்தப்பாதான் என்னும் இடத்தில், சித்தப்பா என்றால் அப்பாவின் பக்கத்தவர் மட்டுமே என்று நம்பியிருந்த பிள்ளை திகைக்கும். அதனால் "அப்பா பக்கம், அம்மா பக்கம்" என்று பலகையை இரண்டாகப் பிரித்துப் பட்டியல் எழுத வேண்டாம்.

பாடம் மனத்தில் இறங்கியதா என்று அறிய ஒரு கேள்வி இருக்கிறது. மாமாவின் படத்தைக் காட்டி, "இவரை உன் அம்மா எப்படி அழைப்பார்?" என்று கேட்க வேண்டும். அண்ணா என்றோ, தம்பியானால் பெயரைச் சொல்லி என்றோ விடை வந்தால் பிள்ளைக்கு வழி தெரிகிறது. "மாமா" என்றே மீண்டும் வந்தால் அது இன்னும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நூலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சொந்தத்திலேயே மணம் முடித்த குடும்பங்களில் ஒரே மனிதருக்கு இரண்டு வழிகள் இருக்கும். அங்கே ஆசிரியர் முடிவு செய்யக் கூடாது. வீட்டில் எந்த முறை புழங்குகிறதோ அதையே பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வரிசைப் பாட்டு

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று பெயர்களை அடுக்கிய பாட்டைப் பிள்ளைகள் விரைவில் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டால் தொடக்கத்திலிருந்து பாடிவந்துதான் விடை சொல்கிறார்கள். பாட்டும் கேள்வி கேட்க வேண்டும். கும்மி மெட்டில் நாங்கள் கட்டிக்கொண்ட அடிகள் இவை:

அப்பாவோட பொறந்தவராம், ஆரு வந்தாங்க?
மூத்தவரா, இளையவரா, பாத்துச் சொல்லுங்க!

ஆசிரியர் இந்த அடிகளைப் பாடியபடி ஒரு படத்தைத் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் இரண்டு தட்டுத் தட்டி, "வாங்க பெரியப்பா" என்றோ "வாங்க சித்தப்பா" என்றோ முடிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் படம் மாறுவதால் மனப்பாடத்துக்கு இடமில்லை. இணையத்தில் ஒலி பிந்தி வருவதால் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடினால் குழப்பமே மிஞ்சும். ஒருவருடைய ஒலிவாங்கியை மட்டும் திறந்துவைத்து மற்றவர்கள் கை மட்டும் தட்டினால் போதும்.

வீட்டுச் சொல்லைத் திருத்துவது

ஆயா என்று அழைக்கும் பிள்ளையைப் பாட்டி என்று மாற்றச் சொன்ன ஆசிரியரை இந்த ஆண்டும் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் ஆயாதான். அதே வகுப்பில் ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளை அம்மம்மா, அப்பம்மா என்று பிரித்துச் சொல்லும். அப்பாவின் சகோதரியை மாமி என்னும். பிள்ளை யாரைப் போய் அழைக்கப் போகிறதோ அவருடைய காதுக்குப் பழகிய சொல்லே அதற்குரிய சொல்.

எல்லோருக்கும் வணக்கம்

மேடைக்கும் அறிமுகமில்லாத பெரியவருக்கும் வணக்கம் பொருந்தும். சொந்த வீட்டில் வருபவரை "வாங்க அத்தை" என்று கேட்பதும், நாம் போன இடத்தில் "நல்லா இருக்கீங்களா மாமா" என்று விசாரிப்பதுமே நடப்பு. கதவு தட்டும் ஆட்டத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்காரராகவும் மற்றொன்று விருந்தாளியாகவும் மாறி மாறி நின்றால் இரண்டும் சேர்ந்தே பழகும்.

"போறேன்" என்று விடைபெற விடுவது

"போயிட்டு வரேன்" என்று முறையோடு சேர்த்துச் சொன்ன பிறகே வகுப்பின் திரையை அணைக்க விடுங்கள்.

மதிப்பெண்

வேண்டாம்.